பச்சைப் பட்டு மேடையேறினால்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடைக்குப் போகும் குடும்பங்களில் ஒரு பெரியம்மா நிச்சயம் இருப்பார். விற்பனையாளர் விரித்துப் போட்ட புடவையை அவர் அப்படியே நம்ப மாட்டார். "இந்த லைட்ல எல்லாமே நல்லாத்தான்பா இருக்கும். வாசலுக்குக் கொண்டா, வெயில்ல பாத்துடலாம்" என்பார். கடைக்காரரும் சலிக்காமல் முந்தானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். வெயிலில் பார்த்து, திருப்பிப் பார்த்து, இலைப்பச்சை உடல், அரக்குக் கரை, தங்க ஜரிகை என்று ஒரு புடவை முடிவாகும்.

அவர் செய்தது சரியான சோதனை. ஆனால் பாதிச் சோதனைதான். அந்தப் புடவையைப் பெண் கட்டப்போவது மாலை ஏழு மணி ரிசப்ஷனுக்கு. வெயில் அங்கே வராது. மேடைக்கு மேலே இரும்புச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கும் எல்.இ.டி. பார் லைட்டுகள்தான் அங்கே சூரியன். அவற்றை ஏற்றி இறக்கும் லைட்மேன் அந்தப் புடவையைப் பார்த்ததே கிடையாது. மேடைப் பின்னணிக்கு எந்தப் பூ, எந்தத் துணி என்று மூன்று வாரம் பேசியிருப்பார்கள். மணப்பெண்ணின் மேல் என்ன வெளிச்சம் விழப்போகிறது என்பதை மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆல்பம் வந்த பிறகுதான் கேள்வி வரும். பச்சைப் புடவை எப்படி இதில் கறுப்பாக இருக்கிறது?

துணிக்கு நிறம் என்பது அது தானாக வெளியே விடும் ஒன்றல்ல. மேலே விழும் ஒளியில் சாயம் சில பகுதிகளை விழுங்கிவிடுகிறது, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மீதிதான் கண்ணுக்கு வருகிறது. இலைப்பச்சைச் சாயம் சிவப்பையும் நீலத்தையும் பெரும்பாலும் விழுங்கி, நடுவில் உள்ள பச்சைப் பகுதியைத் திருப்பித் தருவது. அரக்குச் சாயம் பச்சையையும் நீலத்தையும் விழுங்கி, சிவப்பின் ஆழமான கோடியை மட்டும் திருப்பித் தருவது. சூரிய ஒளியில் வயலட் முதல் சிவப்பு வரை இடைவெளி இல்லாமல் எல்லாம் இருப்பதால், எந்தச் சாயமும் தனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். விழும் ஒளியில் இல்லாத ஒன்றை மட்டும் எந்தத் துணியாலும் திருப்பித் தர முடியாது. மேடையில் நடக்கும் எல்லாக் கூத்துக்கும் வேர் இந்த ஒரு வரிதான்.

மண்டபங்களில் பரவலாக இருக்கும் பார் லைட்டை அணைத்துவிட்டு முகப்பைக் கிட்டத்தில் பார்த்தால், உள்ளே குட்டிக் குட்டியாகப் பல டையோடுகள் தெரியும். மலிவான விளக்கில் அவை மூன்றே வகை: சிவப்பு, பச்சை, நீலம். சிவப்பு ஏறக்குறைய 630 நானோமீட்டர் அலைநீளத்தில், பச்சை 525 சுற்றில், நீலம் 465 சுற்றில் எரியும். ஒவ்வொன்றும் தன் இடத்தில் குறுகலாக நிற்கும். இடையில் உள்ள மஞ்சள், ஆரஞ்சு, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவிலான கடல் நிறம் எல்லாம் அந்த விளக்கில் கிட்டத்தட்ட இல்லை. நம் கண்ணுக்குள் நிறத்தை உணரும் செல்கள் மூன்று வகைதான் என்பதால், இந்த மூன்றைக் கலந்தே கண்ணை ஏமாற்றி எந்த நிற வெளிச்சத்தையும் காட்டிவிடலாம். கண்ணை ஏமாற்றலாம் என்றாலும் சாயத்தை ஏமாற்ற முடியாது.

இப்போது அந்தப் பச்சைப் புடவை மேடையேறட்டும்.

ரிசப்ஷன் மேடைகளில் லைட்மேன்கள் அதிகம் விரும்பும் நிறம் ராணி பிங்க், அதாவது மெஜந்தா. பின்னணியில் வெள்ளைத் துணி இருந்தால் அது எடுப்பாகத் தெரியும். சிவப்பும் நீலமும் எரிய, பச்சை டையோடு மட்டும் அணைந்திருக்கும். இலைப்பச்சைப் பட்டுக்கு வேண்டிய ஒன்றே ஒன்று அந்த ஒளியில் இல்லை. வந்த சிவப்பையும் நீலத்தையும் சாயம் விழுங்கிவிடும், திருப்பித் தர எதுவும் மிஞ்சாது. புடவையின் உடல் ஊதா தட்டிய கறுப்பாகிவிடும். அரக்குக் கரைக்கோ நேர்மாறாக நல்ல காலம். சிவப்பு தாராளமாகக் கிடைப்பதால் அது வெயிலில் இருந்ததைவிடப் பளிச்சென்று, செஞ்சிவப்பாக எரியும். தங்க ஜரிகையும் அந்தச் சிவப்பை அள்ளித் திருப்புவதால் ரோஸ் நிறமாகிவிடும். விளைவு, கரையில் நெய்த மயிலும் யாளியும் கரையின் நிறத்தோடு கரைந்து போகும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது கறுப்புப் புடவை, சிவப்புப் பட்டை.

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். உடல் கறுத்துவிட்டாலும், கொசுவத்தின் மடிப்பு முனைகளில் மட்டும் மெஜந்தா கோடு மின்னிக்கொண்டிருக்கும். பட்டு இழையின் வெட்டுமுகம் கிட்டத்தட்ட முக்கோணம். ஓரங்கள் சற்று மழுங்கிய, வழவழப்பான பக்கங்கள் அதற்கு உண்டு. ஒளியில் ஒரு பங்கு சாயத்துக்குள் நுழையாமலேயே அந்தப் பக்கங்களில் பட்டுத் தெறித்துவிடும். உள்ளே போய் வரும் ஒளிதான் துணியின் நிறத்தைச் சுமந்து வருவது. மேலேயே தெறிக்கும் ஒளி விளக்கின் நிறத்தை அப்படியே வைத்திருக்கும். பட்டின் பளபளப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஒளியைத்தான். அதே பச்சைச் சாயத்தில் ஒரு கைத்தறிப் பருத்திப் புடவை அந்த மேடையில் நின்றால் வெறும் இருட்டாகத்தான் தெரியும். பட்டு மட்டும் கறுப்பின் மேல் பிங்க் மெருகு பூசியது போல நிற்கும். சிலருக்கு அது பிடித்தும் போகிறது. கடையில் காசு கொடுத்து வாங்கிய நிறம் அது இல்லை என்பதுதான் விஷயம்.

லைட்மேன் நீலத்துக்கு மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். பச்சை உடல் இருண்ட நீலமாகும், அரக்குக் கரை சுத்தக் கறுப்பு. ஜரிகையும் கைவிட்டுவிடும். தங்கம் சிவப்பு, மஞ்சள் ஒளியில் பெரும்பங்கைத் திருப்பித் தரும் உலோகம்; நீலத்தில் பாதியைக்கூடத் திருப்பித் தராது. தங்கம் மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணமே அதுதான். வெறும் நீல ஒளியில் நிறுத்தினால் அது அழுக்கேறிய ஈயம் போலத் தெரியும். அந்த மேடையில் ஜொலிப்பது பெண்ணின் தலையில் இருக்கும் மல்லிகையும் மாப்பிள்ளை பக்கத்து வெள்ளை வேட்டிகளும்தான். வெள்ளை எதையும் விழுங்குவதில்லை, கொடுத்ததை அப்படியே திருப்பித் தந்துவிடும்.

சிவப்போடு கொஞ்சம் பச்சை கலந்த ஆம்பர் வெளிச்சம் வந்தால் ஜரிகைக்குப் பட்டாபிஷேகம். அரக்கும் ஜொலிக்கும், முகத்திலும் களை வரும். ஆனால் பச்சை உடல் காக்கி கலந்த பாசிப் பச்சைக்கு இறங்கிவிடும். எம்.எஸ். ப்ளூ, நாவல்பழ நிறம் போன்ற புடவைகளாக இருந்தால் சாம்பலாகவும் கறுப்பாகவும் போகும். ஒரே புடவை, ஒரே மேடை, அரை மணி நேரத்தில் மூன்று புடவை.

மயில்கழுத்து நிறத்துக்கு இதில் தனிக் கஷ்டம் உண்டு. அது ஒரே சாயம் அல்ல. பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறொரு நிறம், உதாரணமாக நீலமும் பச்சையும். நடக்கும்போது ஒரு கோணத்தில் ஒன்று, இன்னொரு கோணத்தில் மற்றது மேலெழுவதுதான் அதன் அழகு. தனி நீல ஒளியிலோ தனிப் பச்சை ஒளியிலோ இரண்டில் ஓர் இழை ஊமையாகிவிடும். நெசவாளர் இரண்டு நூல் வைத்துச் செய்த வேலை ஒற்றைச் சாயத் துணியாகத் தட்டையாகிப் போகும்.

'அப்படியென்றால் கலர் வேண்டாம், வெள்ளை லைட் போடச் சொல்லிவிடலாம்' என்று தோன்றும். நல்ல யோசனைதான், ஆனால் எந்த வெள்ளை என்று கேட்க வேண்டும்.

மூன்று டையோடுகளையும் சேர்த்து எரியவிட்டாலும் கண்ணுக்கு வெள்ளை கிடைக்கும். வெள்ளைச் சட்டை அதில் வெள்ளையாகத்தான் தெரியும். ஆனால் ஆரஞ்சுப் புடவையை அதன் கீழே நிறுத்தினால் சிவப்பு தட்டும். ஆரஞ்சுச் சாயம் சிவப்போடு சேர்த்து, பக்கத்தில் இருக்கும் 590, 600 நானோமீட்டர் பகுதியையும் திருப்பித் தருவதால்தான் ஆரஞ்சாகத் தெரிகிறது. அந்தப் பகுதியே இந்த வெள்ளையில் இல்லாததால், ஆரஞ்சும் சிவப்பும் பக்கத்துப் பக்கத்து நிறங்களாகிவிடும். முகத்தில் மஞ்சள் பூசி வந்தவர் வெயிலில் பட்டவர் போலச் சிவந்து தெரிவதும் இதனால்தான்.

வீட்டு பல்பிலும் பல மேடை விளக்குகளிலும் இருக்கும் இன்னொரு வகை வெள்ளை, நீல டையோடின் மேல் மஞ்சள் பாஸ்பரம் பூசிச் செய்வது. இதில் நடுவில் ஓட்டை இல்லை. ஆனால் மலிவான விளக்குகளில் சிவப்பின் கடைக்கோடி பலவீனமாக இருக்கும். அரக்கு, மெரூன், குங்குமம், கெம்புக்கல் எல்லாம் வாழ்வது அந்தக் கோடியில்தான். அங்கே ஒளி குறைந்தால் அரக்கு காப்பிக்கொட்டை நிறத்துக்கு இறங்கும். பெட்டியில் சி.ஆர்.ஐ. 80 என்று அச்சிட்டிருக்கிறார்களே என்றால், அந்த எண்ணிலும் ஒரு பொடி இருக்கிறது. விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று சொல்லும் அந்த மதிப்பெண், 8 வெளிறிய நிறங்களில் எடுத்த சராசரி. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது மாதிரி, ஆர்-9 என்று பெயர். அது சராசரியில் சேர்வதே இல்லை. 80 வாங்கிய விளக்கு ஆர்-9-ல் கிட்டத்தட்ட பூஜ்யம் வாங்கியிருக்கலாம். பட்டுப்புடவை வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய எண் இந்த ஒன்பதாவது மாதிரிக்குரியதுதான்.

பழைய ஆலோஜன் விளக்குக்கு இந்த வம்பே இல்லை. சூடான இழையிலிருந்து வரும் ஒளி என்பதால் இடைவெளி கிடையாது. நீலம் கொஞ்சம் குறைவு, சிவப்பு அபாரம். மின்சாரத்தைக் குடிக்கும், மேடையில் நிற்பவரை வேகவைக்கும், அதனால் போய்விட்டது. தங்க ஜரிகையை அதைப்போலக் காட்டிய விளக்கு வேறில்லை என்பது அந்தக் காலத்து நாடக மேடைக்காரர்களுக்குத் தெரியும்.

விளக்கு மாறினால் நிறம் மாறுவது ஒரு புடவைக்கு மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு துணிகள் பொருந்த வேண்டிய இடத்தில்தான் சங்கடம் பெரிதாகிறது. கடையில் புடவைக்கு அச்சாகப் பொருந்திய பிளவுஸ் துணி மேடையில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. புடவை பட்டு, அதில் ஒரு வகைச் சாயம். பிளவுஸ் பாலியஸ்டர் கலந்தது, அதில் வேறு வகைச் சாயம். ஒளியின் எந்தப் பகுதியை விழுங்குவது, எதை விடுவது என்பதில் இரண்டும் வேறு வேறு. ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில் மட்டும் கூட்டிக் கழித்தால் விடை ஒன்றாக வருகிறது. வெளிச்சம் மாறியதும் கணக்கு பிரிந்துவிடுகிறது.

திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு இது தினசரித் தலைவலி. அதற்காகவே அங்கே லைட் பாக்ஸ் என்றொரு பெட்டி வைத்திருப்பார்கள். உள்ளே சாம்பல் பூசிய, அரை ஆள் உயரப் பெட்டி. மேலே பல வகை விளக்குகள். வாங்குபவர் அனுப்பிய மாதிரித் துணியையும் சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியையும் அருகருகே வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி-65, கடை வெளிச்சத்துக்கு டி.எல்.-84, வீட்டுக் குண்டு பல்புக்கு ஏ என்று ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் பொருந்தினால்தான் ஒப்புதல். ஒன்றில் பிரிந்தாலும் சாயக் கலவையை மாற்றியாக வேண்டும். ஒரு பனியனுக்கு நடக்கும் இந்தச் சோதனை, பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் கல்யாணப் பட்டுக்கு நடப்பதில்லை.

நிறத்துக்கு அடுத்தது மினுக்கு. அதற்கு வேறு கணக்கு.

ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் கொடுத்தது. விலை குறைந்தவற்றில் வெள்ளிக்குப் பதில் செம்பு இருக்கும், அல்லது உலோகம் பூசிய பாலியஸ்டர் நாடா. எதுவானாலும் அது ஒரு குட்டிக் கண்ணாடி. கண்ணாடிக்கு உரிய விதிதான் அதற்கும்: ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ, அதே கோணத்தில் மறுபக்கம் போகும். அந்தப் பாதையில் உங்கள் கண் இருந்தால் மின்னும், இல்லாவிட்டால் அந்த இழை வெறும் பழுப்பு. கம்பி நூலைச் சுற்றிச் சுற்றிப் போவதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளி மட்டும் உங்கள் கண்ணுக்கு நேராக வரும். ஆயிரக்கணக்கான அந்தப் புள்ளிகளைச் சேர்த்துத்தான் 'ஜரிகை தகதகக்கிறது' என்கிறோம்.

ஆகவே ஜரிகைக்கு வேண்டியது அதிக வெளிச்சம் அல்ல, சிறிய விளக்கு. கோயில் மண்டபத்து எண்ணெய் விளக்கு வரிசையிலும், பல சிறு பல்புகள் தொங்கும் சர விளக்கிலும் பழைய பட்டு அத்தனை உயிரோடு தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு சுடரும் ஜரிகையில் தனித்தனி மின்னலாக விழுவதுதான். இப்போது வீடியோக்காரர்கள் வைக்கும் பெரிய, மென்மையான எல்.இ.டி. பேனலில் முகம் சுருக்கம் தெரியாமல் வரும், ஜரிகை செத்துப்போகும். எல்லாத் திசையிலிருந்தும் சமமாக ஒளி வந்தால் எந்தப் புள்ளியும் தனியாக மின்னாது. முந்தானை முழுக்கக் கடுகு மஞ்சள் பூசியது போல ஆகிவிடும். கேமராவுக்குப் பக்கத்திலிருந்தே நேராக அடிக்கும் வெளிச்சமும் இப்படித்தான் நெசவின் மேடு பள்ளத்தை அழித்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில், மேலிருந்து நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் வைத்தால்தான் புட்டா துணியிலிருந்து எழுந்து நிற்கும்.

வெள்ளி ஜரிகை குணத்தில் வேறு. வெள்ளி எல்லா நிற ஒளியையும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திருப்பித் தருவதால் நீலத்தில் நீலமாகவும் பச்சையில் பச்சையாகவும் மின்னும். சிவப்பு வெளிச்சத்தில் தங்க ஜரிகையும் வெள்ளி ஜரிகையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எது எது என்று சொல்வது கடினம். நீலத்துக்கு மாற்றிய கணத்தில் வெள்ளி ஜெயித்துவிடும். சங்கீத், டி.ஜே. என்று வண்ண விளக்கு சுழலும் இரவுகளுக்கு வெள்ளிச் சமிக்கி வைத்த லெஹங்காவை எடுப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ இயற்பியல்படி சரியாகத்தான் எடுக்கிறார்கள். சமிக்கி ஒவ்வொன்றும் தொங்கி ஆடும் ஒரு கண்ணாடி. ஆள் அசைய, ஷார்பி லைட் அதன் மேல் ஓட, அதற்கு நிறமே தேவையில்லை. அதே லெஹங்கா ரிசப்ஷன் மேடையில் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால் பாதிச் சமிக்கி சாம்பல் நிறத் தகடாகத் தெரியும்.

பரதநாட்டிய உடையைத் தைப்பவர்களுக்கு அசைவின் அருமை தெரியும். கால்களுக்கு நடுவே வைக்கும் விசிறி மடிப்பு, நிற்கும்போது மூடியிருக்கும். அரைமண்டியில் விரியும்போது ஒவ்வொரு மடிப்பும் வேறு வேறு கோணத்தில் ஒளியைப் பிடிக்கும். கரை ஜரிகையை மடிப்பின் ஓரத்தில் வரும்படி வெட்டி வைப்பதன் பலன் அந்த ஒரு கணத்தில் தெரியும்.

வெள்ளைத் துணியையும் வண்ண விளக்கையும் சேர்த்தே ஒரு கலையாக்கியவர் லோயி ஃபுல்லர். அமெரிக்கர். 1892-ல் பாரிஸின் ஃபோலி பெர்ழேர் அரங்கில் பல கஜம் வெள்ளைப் பட்டை உடம்பில் சுற்றி, கைகளில் கம்புகளை வைத்து அதைச் சுழற்றி ஆடினார். அப்போது மின்விளக்கு புதுசு. பல திசைகளிலிருந்து வண்ணக் கண்ணாடி வழியாக விளக்கடித்து, ஒரே துணியை நெருப்பாகவும் பூவாகவும் காட்டினார். தன் ஆடை அமைப்புக்கு அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கினார். அவர் பச்சைப் பட்டையோ சிவப்புப் பட்டையோ எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிறத்தை விளக்கிடம் விட வேண்டுமானால் துணி நிறமற்று இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் மேடையில் துணிக்கும் ஒரு நிறம், விளக்குக்கும் ஒரு நிறம் என்று வைத்து இரண்டையும் மோதவிடுகிறோம்.

இவ்வளவு மாற்றம் நடந்தும், பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் பலருக்கு ஏன் எதுவும் தெரிவதில்லை? கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூளை கெட்டிக்காரத்தனமானது. வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளாக இருந்தால், அந்த மஞ்சளைத் தானே கழித்துவிட்டுப் புடவையின் 'உண்மை' நிறத்தைக் கற்பித்துக்கொள்ளும். மாலையில் புடவையைப் பச்சை என்று பார்த்தவருக்கு மேடையிலும் அது பச்சைதான். கேமராவுக்கு அந்த நினைவு கிடையாது. அதனால்தான் மண்டபத்தில் யாரும் சொல்லாத குறை ஆல்பத்தில் தெரிகிறது.

மூளை செய்யும் இந்தக் கழித்தல் எவ்வளவு நிச்சயமற்றது என்பதை 2015 பிப்ரவரியில் உலகமே பார்த்தது. ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணத்துக்காக எடுத்த உடையின் புகைப்படம் அது. பாதிப்பேர் நீலம்-கறுப்பு என்றார்கள், பாதிப்பேர் வெள்ளை-தங்கம் என்று சத்தியம் செய்தார்கள். உடை உண்மையில் நீலம், கறுப்பு. எந்த வெளிச்சத்தில் எடுத்த படம் என்பதற்குப் படத்தில் துப்பு இல்லாததால், ஒவ்வொரு மூளையும் ஒவ்வொரு வெளிச்சத்தை ஊகித்துக்கொண்டு கழித்தது.

புகைப்படக்காரருக்கு இன்னும் இரண்டு தொல்லை. மெஜந்தா போன்ற அடர்ந்த வெளிச்சத்தில் கேமராவின் சிவப்புப் பதிவு நிரம்பி வழிந்துவிடும். அரக்குக் கரை ஒரே சிவப்புத் திட்டாகும், அதில் நெய்த யாளியைக் கம்ப்யூட்டரில் எவ்வளவு இழுத்தாலும் மீட்க முடியாது. பதிவாகாத ஒன்றைத் திருத்த வழியில்லை. சரி என்று ஃபிளாஷ் போட்டால், அது பகல் வெளிச்சத்துக்கு நிகரான வெள்ளை. புடவையின் முன்பக்கம் அசல் பச்சையாக வரும், ஃபிளாஷ் எட்டாத மடிப்புகளும் தோளின் ஓரமும் பிங்க்காகவே நிற்கும். ஒரே புடவையில் இரண்டு நிறம். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும்.

டி.ஜே. வைத்திருக்கும் யு.வி. விளக்கைப் பற்றியும் சொல்லிவிடலாம். கண்ணுக்கு மங்கிய ஊதாவாகத் தெரியும் அந்த விளக்கில் வெள்ளைச் சட்டைகள் தாமாக எரிவது போலத் தெரியும். அது சட்டையின் வெண்மை அல்ல. ஒரு காலத்தில் டினோபால் என்று வாங்கிப் போட்ட, இப்போது சலவைத் தூளிலேயே கலந்து வரும் வெண்மைப் பொருளின் வேலை; கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் சரக்கு அது. அதனால் சலவை செய்த பருத்தி ஜொலிக்கும், பக்கத்தில் சந்தன நிறப் பட்டு வேட்டி மங்கி நிற்கும். கறுப்பு ஷெர்வானியில் வெளியே தெரியாமல் இருந்த வெள்ளைத் தையல் நூல் வரிவரியாக வெளிச்சம் போடும். நண்பர்கள் எடுக்கும் வீடியோவில் அதுதான் முதலில் கண்ணில் படும்.

இத்தனைக்கும் தீர்வு செலவானது அல்ல, முன்கூட்டியே கேட்பதுதான். வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இருட்டறையில் செல்போன் திரை முழுக்க மெஜந்தா, நீலம், பச்சை, ஆம்பர் என்று ஒவ்வொரு நிறமாக வைத்து, ஒரு சாண் தூரத்தில் புடவையின் மேல் காட்டிப் பார்க்கலாம். திரையும் மூன்று நிறப் புள்ளிகளால் ஆனது என்பதால் மேடை விளக்கின் போக்கு ஏறக்குறைய தெரிந்துவிடும். எந்த நிறத்தில் உடல் கறுக்கிறது, எதில் ஜரிகை சாகிறது என்று குறித்துக்கொண்டால், லைட்மேனிடம் எதை வேண்டாம் என்று சொல்வது எனத் தெரியும். வேலைத்திறனில் அது திருப்பூர்ப் பெட்டிக்கு ஈடாகாது. மேடையில் நிற்கும் பிரகாசத்தையும் அதில் பார்க்க முடியாது. ஆனால் பச்சை கறுப்பாகும் விபத்தைப் பிடித்துவிடும்.

லைட்மேனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முன்வெளிச்சத்தையும் வண்ண வெளிச்சத்தையும் பிரித்துத் தர முடியுமா? மேடையின் முன்னால் இடமும் வலமுமாக, ஆள் உயரத்துக்கு மேலே, சாய்வாக இரண்டு வார்ம் ஒயிட் விளக்குகள். மூன்று நிறக் கலவை வெள்ளை வேண்டாம். பாஸ்பரம் பூசிய நல்ல வெள்ளை, சி.ஆர்.ஐ. 90-க்கு மேல், 3,200 கெல்வினை ஒட்டி. அவை மணமக்கள் மேல் மட்டும் விழட்டும், எல்லா நேரமும் மாறாமல் எரியட்டும். வண்ண பார் லைட்டுகளைப் பின்னணித் துணியின் மேலும் தூண்களின் மேலும் திருப்பிவிடலாம். நீலப் புடவை என்றால் வெள்ளையை 4,000 கெல்வின் பக்கம் கொஞ்சம் குளிர்ச்சியாக வைப்பது நல்லது, இல்லாவிட்டால் நீலம் மங்கும்.

பிளவுஸ் தைத்ததில் மிஞ்சிய வெட்டுத் துணியை எறியாமல் வைத்திருந்தால், ரிசப்ஷனன்று மாலை இருட்டிய பிறகு மாமாவோ சித்தப்பாவோ அதை மேடையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம். புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டுவார். ஐந்து நிமிட வேலை. அனுபவமுள்ள லைட்மேன்கள் இதற்குச் சலித்துக்கொள்வதில்லை. அவர்களுக்கும் ஒரு பங்கு விட்டுக்கொடுத்தால் போதும்: மணமக்கள் புகையோடு உள்ளே நடந்து வரும் அந்த ஒரு பாட்டுக்கு மெஜந்தா, நீலம், ஷார்பி என்று ஆசை தீர ஓட்டிக்கொள்ளட்டும். மேடையேறி, உறவினர்கள் வரிசையில் வந்து படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும் முன்வெளிச்சம் வெள்ளைக்கு வந்துவிட வேண்டும்.